யாருடைய பத்து மணி

எங்கள் ஏலத்தோட்டத்துக் கடிகாரம் ஊர்க் கடிகாரத்தைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடும். பழுதல்ல, ஏற்பாடு. தோட்டத்தை முதலில் நடத்திய வெள்ளைக்காரத் துரை, ஆட்கள் வெளிச்சம் வரும்போதே மலையேறி நிற்க வேண்டும் என்பதற்காக முள்ளைத் தள்ளி வைத்தார். அவர் போனார், முள் திரும்பி வரவில்லை. பெரட்டுக்கு ஆள் எண்ணுவது, கஞ்சிக்கு விடுவது, மாலையில் காய் நிறுப்பது எல்லாம் அந்த மணிக்குத்தான். தண்டவாளத் துண்டில் இரும்பால் அடிப்பார்கள். மூன்று கொல்லைக்கு அப்பாலும் கேட்கும்.

நான் அங்கே ஸ்டோர் ரைட்டர். பறித்த ஏலக்காயை நிறுத்து வாங்கி, உலர்த்தும் அறைகளில் பரப்பி, விறகுச் சூடு எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதி வைப்பது என் வேலை. அதனால் இரண்டு மணிகளோடு வாழப் பழகியிருந்தேன். நாட்குறிப்பில் பக்கத்தின் இடது ஓரத்தில் தோட்ட மணி, அதன் பக்கத்தில் ஊர் மணி. இருபது வருஷமாக ஒரு நாளும் விட்டதில்லை. கீழே போடிக்கு இறங்கும் நாளில், மலையுச்சிக் கணவாயான போடிமெட்டில் ஜீப்பு ஏறும்போதே கைக்கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளிவிடுவேன். திரும்பி வரும்போது அதே இடத்தில் முன்னால் தள்ளுவேன்.

என் தம்பி எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஏழு வயது. அவனை மதுரையில் விடுதிப் பள்ளியில் சேர்த்தேன். லீவுக்கு அவன் வரும்போது போடியில் எந்த நேரத்துக்கு ஜீப்பு இருக்கும் என்று கடிதத்தில் எழுதுவேன். முதல் தடவை தோட்ட மணியை அப்படியே எழுதிவிட்டேன். பையன் அரை மணி தாமதமாக வந்து சேர்ந்தான், ஜீப்பு போய்விட்டது. பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவனை பக்கத்து ஊரான ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் தன் வீட்டில் வைத்திருந்து மறுநாள் ஏற்றிவிட்டார். அன்று அவனிடம் சொன்னேன்: "இனிமே நான் எழுதுறது எல்லாம் உன் மணிதான். நீ கணக்குப் போட வேண்டாம். நான் போட்டுட்டுத்தான் எழுதுவேன்." அதற்குப் பிறகு அவனுக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் தோட்ட மணி வந்ததில்லை. படிக்கிறவனுடைய மணியைத்தான் எழுதுவது என்பது எங்கள் இருவருக்கும் இடையே ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது.

எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டாம் வருஷமே மனைவி இறந்துவிட்டாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தம்பி மதுரையில் ஒரு மில்லில் ஃபிட்டரானான். நல்ல கைவேலைக்காரன். பஞ்சாலை இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்கு இங்கிலாந்து போகும் வாய்ப்பு வந்தது. நான்கு வருஷம் என்று சொல்லிப் போனான். மாதம் ஒரு கடிதம் வரும். மெல்லிய நீலத் தாள். ஓரம் வரை எழுதியிருப்பான். நானும் மாதம் ஒன்று எழுதுவேன். மழை எவ்வளவு, காய் எவ்வளவு, யார் பெண்ணுக்கு எங்கே சம்பந்தம் என்று. நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதியதாக நினைவில்லை.

நான்காவது வருஷம் தை மாதம் தொடங்கியபோது வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. பயிற்சி முடிகிறது, தொழிற்சாலையில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்கிறார்கள், மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் திரும்ப வேண்டியதுதான் என்று எழுதியிருந்தான். பிறகு இப்படி:

"அண்ணே, இதைக் கடிதத்தில் கேட்டால் நீங்கள் 'உன் நன்மையைப் பார்' என்றுதான் எழுதுவீர்கள். அதில் உங்கள் மனசு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. குரலைக் கேட்டால் தெரிந்துவிடும். இங்கிருந்து போனில் பேசலாம். திங்களுக்கு முன்னால் ஒரு நாள் நீங்கள் எந்தப் போனில், எத்தனை மணிக்கு இருப்பீர்கள் என்று எழுதுங்கள். நான் கால் புக் செய்கிறேன். நீங்கள் 'வா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்துவிடுவேன்."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். சூடு பார்த்து எழுதினேன். அன்றைய பக்கத்தில் எண்கள் சரியாக இருக்கின்றன. கையெழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

சொல்ல வேண்டிய வார்த்தை எனக்குத் தெரிந்திருந்தது. நான்கு வருஷமாகத் தெரியும். ஒருவருக்கு மட்டும் உலை வைத்து, ஒருவருக்கு மட்டும் வடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது சத்தம் அந்த வீட்டில் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். கடிதத்தில் அதை எழுத முடியாது. போனில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒரே வார்த்தைதானே.

தோட்டத்தில் போன் கிடையாது. முதலாளியின் ஏலக்காய்க் கடை போடியில் இருக்கிறது, அங்கே போன் உண்டு. கடைக் கணக்குப்பிள்ளையிடம் ஆள் மூலம் கேட்டு அனுப்பினேன். சரி என்றார். சனிக்கிழமை ஒரு நாள் லீவு கேட்டேன். மானேஜர் ஒரே நிபந்தனை வைத்தார்: அது கடைசிப் பறிப்பு வாரம், ஸ்டோர்ச் சாவி என்னிடம்தான் இருக்கும், மாலை நிறுவைக்கு நான் வந்துவிட வேண்டும். அதற்கு மூன்று மணி ஜீப்பைப் பிடித்தால்தான் முடியும். காலையில் இறங்கி மூன்றுக்கு ஏறினால் நடுவில் ஆறு மணி நேரம் இருக்கிறது. தாராளம்.

அன்றே தம்பிக்கு எழுதினேன். கடை போன் எண்ணைக் கொடுத்தேன். நாட்குறிப்பில் முதலில் போட்டுப் பார்த்தது இப்படி இருக்கிறது: "தோட்ட மணி 10.30. ஊர் மணி 10." கடிதத்தில் எழுதியது: "அந்தத் திங்களுக்கு முந்திய சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே இருப்பேன். நிமிஷம் தவற மாட்டேன்." எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அரை மணியைக் கழித்துவிட்ட திருப்தியில் ஐந்தரை மணியை மறந்துவிட்டேன்.

இங்கிலாந்துக் கடிகாரம் நம்முடையதற்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. தம்பி முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தான். "இங்கே நான் எழுந்திருக்கும்போது நீங்கள் மத்தியானச் சாப்பாடு முடித்திருப்பீர்கள்" என்று. அதைப் படித்து வியந்து, பக்கத்துத் தொழிலாளர் லயத்துக் கங்காணிக்கும் சொல்லியிருக்கிறேன். தெரிந்திருந்தது வேறு இடத்தில் இருந்தது. மணி எழுதிய கை வேறு இடத்தில் இருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கெல்லாம் கடையில் இருந்தேன். முன்னறையில் சாக்குகள், உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள் முறத்தில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை என்னைவிட மூத்தவர், வாய்த்துடுக்குக்காரர். போனைத் துடைத்து என் பக்கம் தள்ளி வைத்தார்.

"வாங்க ரைட்டரே. லண்டன் ராணி பேசப்போறாகளாம்ல?"

"என் தம்பிங்க."

"ரெண்டும் ஒண்ணுதான். நம்ம போனு மதுரைக்கே தொண்டை கிழியக் கத்தணும். லண்டனுக்கு என்ன பண்ணப்போறீக?"

உள்ளேயிருந்து ஒரு பெண் சொன்னாள்: "மெட்டுல ஏறி நின்னு கத்தச் சொல்லுங்க, நேராக் கேக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பத்து மணி ஆயிற்று. போன் அடித்தது. எடுத்தால் கம்பத்திலிருந்து ஒரு வியாபாரி, சாக்குக் கேட்டார். பத்தே காலுக்கு அடித்தது, தேனியிலிருந்து. பதினொன்றுக்குள் ஐந்து தடவை அடித்தது. ஒவ்வொரு தடவையும் பெண்கள் முறத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். ஆறாவது தடவை யாரும் பார்க்கவில்லை.

பதினொன்றரைக்கு எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆப்பரேட்டர் இளவயசுக்காரர், சிரித்த குரல்.

"அண்ணே, வெளிநாட்டுக் காலுன்னா பம்பாய்ல இருந்து மெட்ராஸுக்கு வரணும், மெட்ராஸ்ல இருந்து மதுரைக்கு வரணும், மதுரை எனக்குத் தரணும். மதுரையில இதுவரைக்கும் ஒரு விவரமும் இல்ல. வந்தா உங்களுக்குத்தான் மொத மணி."

"பத்து மணிக்குன்னு எழுதியிருந்தேன்."

"லைன் கிடைக்காம இருந்திருக்கும்ணே. அங்கேயிருந்து பம்பாய்க்கு ரேடியோவுலதானே வருது. வானம் சரியில்லைன்னா இழுத்துப் பிடிக்கும். பொறுத்திருங்க."

எந்த ஊர்ப் பத்து மணி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போடியில் உட்கார்ந்துகொண்டு பத்து மணி என்றால் வேறு எந்தப் பத்து மணி.

மத்தியானம் கணக்குப்பிள்ளை தன் சாப்பாட்டில் பாதியைப் பிரித்து இலையில் வைத்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "சாப்பிடுங்க ரைட்டரே. நான் காதை போன்லயே வச்சிருக்கேன்." சாப்பிட்டேன். ஒன்றரை ஆயிற்று, இரண்டு ஆயிற்று. உள்ளே பெண்கள் பேச்சும் குறைந்துவிட்டது. மறுபடி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டேன். "இல்லண்ணே" என்றார் ஆப்பரேட்டர். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

இரண்டரை மணிக்கு மேல் எனக்கு ஒன்று தோன்ற ஆரம்பித்தது. தோன்றிய பிறகு போகவில்லை. அவன் கூப்பிடப்போவதில்லை. இருக்க முடிவு செய்துவிட்டான். அதை என் காதில் சொல்லத் தைரியம் இல்லை. நான் 'வா' என்று சொல்லிவிடுவேனோ என்று பயம். கூப்பிடாமல் இருப்பதே அவன் பதில். இப்படி நினைத்ததும் ஒருவிதத்தில் எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது.

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஜீப்பு வாசலில் வந்து ஹாரன் அடித்தது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"ரைட்டரே, வெரசா வாங்க. லோடு ஏத்தியாச்சு. நிறுவைக்குச் சாவி இல்லன்னு மானேஜர் என்னயில்ல வைவாரு."

கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்தார். "இன்னும் செத்த நேரம் இருந்து பாத்துட்டுப் போங்களேன். சாவிய அவர்ட்டக் குடுத்தனுப்புங்க."

சாவியை வேறு கையில் கொடுத்ததில்லை. கொடுத்திருக்கலாம். ஓட்டுநர் நம்பிக்கையான ஆள்தான். ஆனால் மாலை நிறுவைக்கு இருப்பேன் என்று சொல்லியிருந்தேன். சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் இருப்பது தவிர எனக்கு வேறு பெருமை எதுவும் இல்லை. "இல்லங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஏறினேன். மெட்டில் இறங்கும்போது கைக்கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினேன். அங்கிருந்து தோட்டம் இரண்டு மைல் நடை. நிறுவைக்கு மூன்று நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்தேன்.

ஞாயிறு போயிற்று. திங்கள் போயிற்று. திங்கட்கிழமை மாலை நிறுவையை எழுதி முடித்தபோது நினைத்தேன்: அங்கே கையெழுத்துப் போட்டிருப்பான்.

செவ்வாய்க்கிழமை சாக்குக் கட்டோடு ஜீப்பில் கணக்குப்பிள்ளையின் துண்டுச்சீட்டு வந்தது. பென்சிலில் எழுதியிருந்தார்: "சனிக்கிழமை நீங்கள் போய் அரை மணியில் லண்டன் கால் வந்துவிட்டது. மணி மூன்றரை. காலையிலிருந்து காத்திருந்து போய்விட்டார் என்று சொல்லச் சொன்னேன். மேலே ஜீப்பு இன்றுதான் வருகிறது, அதனால் இப்போது எழுதுகிறேன்."

ஸ்டோர் வாசலில் நின்று அதைப் படித்தேன். மூன்றரை. சீட்டின் பின்பக்கத்தில், பழக்கத்தால், கழித்துப் பார்த்தேன். மூன்றரை என்றால் பதினைந்தரை. பதினைந்தரையில் ஐந்தரை போனால் பத்து.

அவன் நிமிஷம் தவறவில்லை. நான் எழுதிய பத்து மணியை அவன் தன் மணியாகத்தான் எடுத்துக்கொண்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? இனிமேல் நான் எழுதுவதெல்லாம் உன் மணிதான், நீ கணக்குப் போட வேண்டாம் என்று பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுத பையனிடம் சொன்னவன் நான்தானே. கடல் தாண்டிப் போன பிறகும் அவன் அந்தச் சட்டத்தை மறக்கவில்லை.

புதன்கிழமை லீவு கேட்டுக்கொண்டு மறுபடி கீழே இறங்கினேன். முதலில் எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். தபாலாபீஸுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஆப்பரேட்டரை அன்றுதான் நேரில் பார்த்தேன். எழுந்து நாற்காலியைத் தந்தார்.

"அண்ணே, நீங்க லண்டன்காரருக்கு நம்ம மணியைக் குடுத்தீங்களா, அவுக மணியைக் குடுத்தீங்களா?"

"ஒண்ணும் சொல்லல. பத்துன்னேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க புஸ்தகத்துலயும் கால் டிக்கெட்டுலயும் எப்பவும் இந்திய நேரம்னு போடுவோம்ணே. பம்பாய்க்காரன் மறந்தாக்கூட மதுரைக்காரன் கேப்பான். நீங்க என்கிட்ட காலைல பத்துன்னதும் நானாவது கேட்டிருக்கணும்."

"நீங்க என்ன பண்ணுவீங்க. அங்கே என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"கடைல சொன்னதை மதுரைக்குச் சொன்னேன். காலைல இருந்து காத்திருந்துட்டு இப்பத்தான் போனார்னு. மதுரை மெட்ராஸுக்குச் சொல்லியிருக்கும். மெட்ராஸ் பம்பாய்க்கு. ஆள் பேரைச் சொல்லிப் போட்ட கால்ணே அது. ஆள் இல்லன்னா லைனைக் கொடுக்க மாட்டோம், இருக்கார் இல்லங்கிற சேதி மட்டும்தான் போகும். நாலு கை மாறும்போது..." கையை விரித்தார்.

அங்கிருந்து தந்திக் கவுண்டருக்குப் போய் ஒரு தாளில் எழுதினேன். நேரம் தவறாகப் புரிந்தது, காலையிலிருந்து காத்திருந்தேன், மறுபடி கூப்பிடு. அந்த ஒரு வார்த்தையையும் சேர்க்கலாம் என்று பேனாவை வைத்தேன். திங்கட்கிழமை முடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்டவனிடம் வா என்றால் அது வேறு விஷயம். சேர்க்காமலே கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதில் தந்தி மேலே வந்தது. திங்களன்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன், கவலை வேண்டாம், கடிதம் வருகிறது.

கடிதம் பத்து நாளில் வந்தது. சனிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவின் போன் பக்கத்தில் எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தானாம். சரியாகப் பத்துக்குக் கூப்பிட்டார்கள். அவன் கேட்டது ஆப்பரேட்டரின் குரல் மட்டும்தான்: நீங்கள் கேட்டவர் இல்லை, போய்விட்டார். காத்திருந்தது என்பது வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. போய்விட்டார் என்பது மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அண்ணே, வேறு யாராக இருந்தாலும் ஜீப்பு தப்பியது, மழை, உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பேன். நீங்கள் எதற்கும் ஒரு நிமிஷம் பிந்தியவர் இல்லை. வந்து, போன் வருவதற்கு முன்னால் எழுந்து போயிருக்கிறீர்கள் என்றால், என் வாழ்க்கையை நான்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சொல்கிறீர்கள் என்றே நினைத்தேன். அதனால்தான் ஞாயிறு முழுவதும் யோசித்துத் திங்கள் கையெழுத்துப் போட்டேன். தந்தி வந்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை."

நான் பதில் எழுதினேன். தவறு முழுவதும் என்னுடையது, பத்து மணி என்று எழுதியபோது ஊர்ப் பெயரை எழுதவில்லை என்று விளக்கமாக எழுதினேன். இரண்டு மணிகளையும் எதிரெதிரே கோடு போட்டுக் காட்டினேன். அன்று நான் என்ன சொல்ல இருந்தேன் என்பதை எழுதவில்லை. அவனும் அடுத்த கடிதத்தில் கேட்கவில்லை. அதற்கடுத்த கடிதத்திலும் கேட்கவில்லை.

அந்த வருஷத்திலிருந்து நாட்குறிப்பில் மூன்றாவது ஒரு பத்தி சேர்ந்தது. தோட்ட மணி, ஊர் மணி, அவன் மணி. காலையில் பெரட்டுக்கு ஆள் எண்ணும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். மத்தியானம் நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவன் குளிரில் பஸ்சுக்கு நிற்பான். மாலை நிறுவை முடிந்து நான் ஸ்டோரைப் பூட்டும்போது அவனுக்குச் சாப்பாட்டு மணி. இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு நாள் அதை எழுத விட்டுப்போனால் வீட்டுக் கதவைப் பூட்டாமல் வந்தது போல இருக்கும்.

மறு வருஷம் அவன் அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். படம் அனுப்பினான். பெண் உயரம், தம்பி சற்று அண்ணாந்து நிற்பது போல இருந்தது. அதற்கடுத்த வருஷம் பையன் பிறந்தான். அப்போது மறுபடியும் போனில் பேசலாம் என்று எழுதினான்.

நான் மிகக் கவனமாகப் பதில் எழுதினேன். ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை. இந்திய நேரம் பிற்பகல் மூன்றரை, உங்கள் நேரம் காலை பத்து. இரண்டையும் அடிக்கோடிட்டேன். திரும்பி வந்த கடிதத்தில் ஒரு வரி:

"அண்ணே, இந்தத் தடவை உங்களைப் பிடித்துவிட்டேன். இங்கே கோடைக்காலத்தில் நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கிறார்கள், நம்ம தோட்டத்துத் துரை மாதிரியே. இப்போது வித்தியாசம் நாலரைதான். என் பத்து மணி உங்களுக்கு இரண்டரை."

கணக்குப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் சிரித்தார். "அந்தத் துரை இங்க இருந்து போயி அங்க கத்துக்குடுத்தாரா, அங்க இருந்து கத்துக்கிட்டு வந்தாரா?"

இந்தத் தடவை சாவியை முன்கூட்டியே கங்காணியிடம் ஒப்படைத்து, மறுநாள் காலை வரை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன். இரண்டரை அடிக்க நான்கு நிமிஷம் இருக்கும்போது எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆப்பரேட்டரே பேசினார்: "அண்ணே, எழுந்திரிக்காதீங்க. பம்பாய் லைன்ல இருக்கு." பெண்கள் முறத்தை வைத்துவிட்டார்கள்.

முதலில் அலையடிப்பது போல ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஆறு வருஷத்தில் குரல் கனத்திருந்தது.

"அண்ணே, கேக்குதா?"

"கேக்குது. உனக்குக் கேக்குதா?"

ஒரே நேரத்தில் இருவரும் பேசினால் ஒருவர் குரல் அறுந்துபோயிற்று. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அது தெரிவதற்குள் ஒரு நிமிஷம் போய்விட்டது.

"அங்கே மணி என்ன அண்ணே?"

"ரெண்டு முப்பத்தொண்ணு. அங்கே?"

"பத்து ஒண்ணு. சரியா இருக்கு."

"சரியா இருக்கு."

பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். அப்படியே தன் மூக்கு என்றான். மழை பெய்கிறதா என்று கேட்டான், பெய்கிறது என்றேன். சாப்பிட்டீர்களா என்றான், சாப்பிட்டேன் என்றேன். நடுவில் குரல் தேய்ந்து, மறைந்து, மறுபடி வந்தது. மூன்று நிமிஷம் ஆகப்போகிறது என்று யாரோ ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் அரை மணி முன்னால கூப்பிட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

காத்திருந்தான். நான் பேசி முடித்தால்தான் லைன் அவன் பக்கம் போகும். கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டுவதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்கேயே இருன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றேன். "கையெழுத்துப் போடுன்னுதான்."

என் குரல் அலைச் சத்தத்தைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டியிருந்தது. பிறகு அவன், "எனக்குத் தெரியும் அண்ணே. அப்படித்தான் நினைச்சேன்" என்றான். அவன் மூச்சு விட்டது போடி வரை கேட்டது. லைன் போயிற்று.

போனைக் கணக்குப்பிள்ளை பக்கம் தள்ளி வைத்தேன். உள்ளேயிருந்து, அன்று மெட்டில் ஏறிக் கத்தச் சொன்ன அதே பெண்ணின் குரல் கேட்டது: "என்னண்ணே சொன்னாரு லண்டன்காரரு?"

"மணி கேட்டான்" என்றேன்.

மறுநாள் வரை லீவு இருந்தது. போடியில் எனக்குப் போக வீடு எதுவும் இல்லை. மூன்று மணி ஜீப்பிலேயே ஏறிவிட்டேன். மெட்டில் இறங்கிக் கைக்கடிகாரத்தை அரை மணி தள்ளிவிட்டு, இரண்டு மைலும் தூறலில் நடந்தேன். நிறுவை நடந்துகொண்டிருந்தது. கங்காணி சாவியைத் திருப்பித் தர வந்தார்; காலை வரை வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தேன்.

அன்றைய பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. இடது ஓரத்தில் மூன்று மணிகளும் சரியாக இருக்கின்றன: தோட்டம் 3.00, போடி 2.30, அவன் 10.00. பக்கத்தில் "தம்பியோடு பேசினேன்" என்று இருக்கிறது. பேசியது என்ன என்று எழுத ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன். அந்த இடம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.